செலவு 11 சதவீதம் கூடியிருக்கிறது, அறிவிப்போ 4.5 என்கிறது. எது சரி?

மாதக்கணக்கு

வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. போன ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் மாதச் செலவு ஏறக்குறைய 11 சதவீதம் கூடியிருக்கிறது. விலைவாசி உயர்வு என்று வெளியான எண்ணோ 4.5 சதவீதம்தான். வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், பள்ளியில் படிக்கும் ஒரு மகள், வாடகை வீடு. வீண் செலவு கிடையாது.

எங்கள் கணக்கைச் சுருக்கிப் போடுகிறேன். போன ஆண்டு மொத்தத்தை 1000 என்று வைத்துக்கொண்டால் உணவு 320 ஆக இருந்தது 339 ஆகிவிட்டது. வாடகை 250லிருந்து 275. கல்வி 150லிருந்து 207. போக்குவரத்து 100லிருந்து 103. போன், மின்னணுப் பொருள்கள் 30லிருந்து 29. மீதி எல்லாம் சேர்த்து 150லிருந்து 156. மொத்தம் 1109.

இதில் எது பொய்? என் நோட்டா, அந்த 4.5ஆ? உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெண்ணிலவன்

உங்கள் நோட்டு பொய் இல்லை. விலைவாசியை அளக்கக் கூடை என்று ஒரு பொருள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடையில் நாம் வருடத்துக்கு ஒரு தடவைகூட வாங்காத பொருள்களையெல்லாம் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். பத்து பொருள் ஏறி, பத்து பொருள் இறங்கினால் விலை ஏறவே இல்லை என்று கணக்கு வந்துவிடும். அதோடு எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் எடைகள் எல்லாம் பழையவை. எப்போதோ எடுத்த கணக்கெடுப்பை வைத்து இன்றைய விலையை அளக்கிறார்கள். அதனால்தான் எண் எப்போதும் குறைவாகவே வருகிறது.

விலைப்பதிவாளர்

ஒரு புள்ளியியல் அலுவலகத்தில் விலை சேகரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அம்மா, உங்கள் நோட்டும் சரி, அந்த எண்ணும் சரியாக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். வெண்ணிலவன் சொன்னதில் எடை பழையது என்பது உண்மை. அதனால் எண் குறைவாக வரும் என்பதுதான் தலைகீழ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கூடை எப்படிக் கட்டப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். என்னென்ன பொருளைச் சேர்ப்பது என்று யாரும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. முதலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் செலவுக் கணக்கெடுப்பு நடக்கும். சில இடங்களில் குடும்பத்தாரே ஒன்றிரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதித் தருவார்கள், அப்படியே நீங்கள் எழுதுவது மாதிரி. சில இடங்களில் கணக்கெடுப்பவர் வந்து போன மாதம் இதற்கு எவ்வளவு ஆனது என்று கேட்பார். பள்ளிக் கட்டணம், மரச்சாமான் போன்று எப்போதாவது வரும் செலவுகளுக்கு ஓராண்டுக்கே கேட்பார்கள். இதில் மது, புகையிலைக்குச் செய்த செலவை மக்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். வரி வசூலிலிருந்தும் விற்பனைக் கணக்கிலிருந்தும் அந்த ஓட்டையை அடைக்க முயல்வார்கள்.

அந்தச் செலவுகளைக் கூட்டி, மொத்தத்தில் உணவுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்தால் அதுதான் எடை. ஒரு பொருள் ஏறுவதும் இன்னொன்று இறங்குவதும் சமமாக அடிபட்டுப் போகாது, வெண்ணிலவன். செலவில் 30 சதவீதம் பிடிக்கும் ஒன்று 6 சதவீதம் ஏறினால், மொத்த எண்ணில் 1.8 சேரும். 8 சதவீதம் பிடிக்கும் ஒன்று 2 சதவீதம் இறங்கினால் 0.16தான் கழியும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு வகையிலும் சில பொருள்களைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து, பிராண்டு, அளவு, பொட்டல எடை, கடை என்று துல்லியமாக எழுதி வைத்துக்கொண்டு, மாதாமாதம் அதே கடையில் அதே பொருளைத்தான் பார்ப்போம். 100 கிராம் பொட்டலம் விலை மாறாமல் 90 கிராம் ஆகிவிட்டால், விலை ஏறவில்லை என்று எழுத முடியாது. 11 சதவீதம் ஏறியது என்றுதான் பதிவோம்.

கார்முகில்

நான் வாங்கின வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறி மாதத் தவணை கால் பங்கு கூடிவிட்டது. இந்தக் கணக்கில் அது எங்கே வருகிறது? வங்கி வட்டியை உயர்த்தும்போது விலைவாசியைக் குறைக்கத்தான் உயர்த்துகிறோம் என்கிறார்கள், என் வீட்டில் செலவு ஏறுகிறதே!

விலைப்பதிவாளர்

கார்முகில், நீங்கள் கேட்பது மாதக்கணக்கு அம்மா கேட்டதிலிருந்து கொஞ்சம் விலகியது. ஆனால் இந்தத் துறையிலேயே தீராத சண்டை அதுதான், அதனால் சொல்கிறேன்.

சொந்த வீட்டில் இருப்பவர் வீட்டுக்கு என்ன விலை கொடுக்கிறார்? தவணையில் ஒரு பகுதி அசல். அது செலவே இல்லை, சேமிப்பு மாதிரி சொத்தாக மாறுகிறது. மற்றது வட்டி. அது கடனுக்கான விலை, வீட்டுக்கான விலை இல்லை என்று ஒரு கட்சி. அமெரிக்காவில் 1983 வரை வீட்டு விலையும் கடன் வட்டியும் விலைவாசி எண்ணைத் தரும் குறியீட்டுக்குள்ளேயே இருந்தன. அப்புறம் அதை எடுத்துவிட்டு, இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்குக்கு மாறினார்கள். ஐரோப்பிய நாடுகளின் பொதுக் குறியீட்டில் சொந்த வீட்டில் குடியிருப்பதற்கான செலவே சேர்க்கப்படவில்லை. பிரிட்டனின் பழைய சில்லறை விலைக் குறியீட்டில் கடன் வட்டி உண்டு. நியூசிலாந்தில் புதிதாக வீடு கட்டும் செலவு சேர்கிறது. ஒரே கேள்விக்கு நான்கு விடை, நான்குக்கும் நல்ல காரணம் உண்டு.

அதனால் உங்கள் தவணை ஏற்றம் பெரும்பாலான நாடுகளின் எண்ணில் நேரடியாகத் தெரியாது. நீங்கள் உணர்வது பொய் இல்லை. அந்த எண் அதை அளக்க எடுத்ததில்லை.

கார்முகில்

சரி, ஆனால் மாதச் சம்பளத்திலிருந்து போகும் பணம் போனதுதானே? வாடகைக்கு விட்டிருந்தால் என்ற கற்பனைத் தொகையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விலைப்பதிவாளர்

நான் ஒப்புக்கொள்ள வைக்க வரவில்லை. வீட்டுக்கு வரும் பண நெருக்கடியை அளக்க வேண்டும் என்றால் உங்கள் பக்கம் நியாயம். வசிக்கும் வசதியின் விலையை அளக்க வேண்டும் என்றால் வாடகைதான் நியாயம். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. துறையில் என்னைவிட மூத்தவர்கள் சிலருக்கு உங்கள் கருத்துதான்.

தும்பி

அண்ணா, ஒரு சந்தேகம். எல்லாக் குடும்பங்களின் செலவையும் கூட்டித்தான் பங்கு பிரிக்கிறார்கள் என்றீர்கள். அப்படியென்றால் அதிகம் செலவு செய்யும் குடும்பத்தின் பழக்கம் கூடையில் அதிகமாகத் தெரியும்தானே? ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்று இல்லையே?

விலைப்பதிவாளர்

இதுதான் இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி. நன்றி தம்பி.

இரண்டு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாதம் 1000 செலவழிக்கிறது, அதில் பாதி, அதாவது 500, உணவுக்கு. இன்னொன்று 9000 செலவழிக்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1800, உணவுக்கு. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்றால் உணவின் எடை 50க்கும் 20க்கும் நடுவில், 35 சதவீதம். ஆனால் குறியீடு பணத்தைத்தான் கூட்டும். மொத்தம் 10000, உணவுக்கு 2300. எடை 23 சதவீதம்தான். உணவு விலை எகிறும் ஆண்டில் முதல் குடும்பத்துக்கு அந்த எண்ணைப் பார்த்தால் வயிறு எரியும், ஏனென்றால் அது ஏறக்குறைய இரண்டாவது வீட்டின் கூடை.

எஸ். ஜே. பிரைஸ் என்ற பொருளியலாளர் 1959லேயே இதைச் சுட்டிக்காட்டி, இதைப் பணக்காரர் ஆட்சி எடை என்ற பொருளில் பெயரிட்டார், மற்றதை மக்களாட்சி எடை என்று. அமெரிக்கக் குறியீட்டின் எடைகளோடு ஒத்துப்போகும் குடும்பம் நடுவில் இருப்பது அல்ல, செலவு வரிசையில் கீழிருந்து 75 சதவீதம் ஏறினால் நிற்கும் குடும்பம் என்று 1998ல் அங்கஸ் டீட்டன் எழுதினார். ஆகவே சராசரிக் குடும்பம் என்று செய்தியில் சொல்லும்போது அது நம்மில் பெரும்பாலோரைவிட வசதியான ஒரு வீடு.

அப்படி இருந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். நாட்டின் மொத்தச் செலவுத் தொகையிலிருந்து விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கவும் இந்த எண் பயன்படுகிறது. அந்த வேலைக்குப் பண எடைதான் பொருந்தும். ஓய்வூதியத்தையும் கூலியையும் ஏற்றுவதற்கு அதே எண்ணை எடுப்பதுதான் சிக்கல். என் கருத்தில் அதற்கு வேறு எண் வேண்டும். பிரிட்டனில் குடும்ப வகைவாரியாகத் தனியாகக் கணக்கிட்டு வெளியிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

வெண்ணிலவன்

அப்படியானால் நான் சொன்னதும் இதுதான். எண் மக்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது. பழைய எடை பற்றி மட்டும் என்ன தலைகீழ் என்கிறீர்கள்?

விலைப்பதிவாளர்

சாய்வு இருக்கிறது, ஆனால் ஒரே திசையில் இல்லை. எந்தப் பொருள் விலை ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. உணவு மலிந்து விமானக் கட்டணம் ஏறும் ஆண்டில் குறைவாகச் செலவழிக்கும் வீட்டின் பணவீக்கம் அறிவித்த எண்ணுக்குக் கீழே போகும்.

பழைய எடை பற்றி. 1871ல் ஏத்தியேன் லாஸ்பேர் என்ற ஜெர்மானியர் சொன்ன முறையில் பழைய கூடையையே பிடித்துக்கொண்டு அதற்கு இன்று என்ன விலை என்று கேட்பார்கள். இன்றும் பெரும்பாலான குறியீடுகளின் அடிப்படை அதுதான். ஒன்றின் விலை ஏறும்போது மக்கள் அதைக் குறைத்துக்கொண்டு வேறொன்றுக்குப் போவார்கள். பழைய கூடைக்கு அது தெரியாது. ஏறிய பொருளையே பழைய அளவில் வாங்குவதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் எண் கூடுதலாக வரும். 1996ல் அமெரிக்க செனட்டுக்காக மைக்கேல் பாஸ்கின் தலைமையிலான குழு ஆராய்ந்து, அவர்கள் குறியீடு ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி அதிகமாகக் காட்டுகிறது என்றது. மக்கள் இப்படிப் பொருளை மாற்றிக்கொள்வதைக் கணக்கில் எடுக்காதது அதில் ஒரு பங்கு. தரம் கூடியதைச் சரியாகக் கழிக்காததும் புதிய பொருள்களைத் தாமதமாகச் சேர்ப்பதும் அதைவிடப் பெரிய பங்கு.

வெண்ணிலவன்

மாற்றிக்கொள்வது என்று எளிதாகச் சொல்கிறீர்கள். நல்லதை விட்டுவிட்டு மட்டமானதை வாங்குவது வாழ்க்கைத் தரம் இறங்குவதுதானே! அதைக் கணக்கில் கழித்தால் ஏழ்மையைச் சேமிப்பு என்று எழுதுவது போல இருக்கிறது. தரம் என்பதும் அப்படித்தான். என் புதிய போன் பழையதைவிட விலை அதிகம். நீங்கள் அறிவிக்கும் பட்டியலிலோ போன் விலை இறங்கியிருக்கிறது.

விலைப்பதிவாளர்

உங்கள் முதல் வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரே மாதிரியான இரண்டில் மலிவானதற்கு மாறினால் இழப்பு சின்னது. மாற்றே இல்லாத மருந்துக்கு, வாடகைக்கு, கட்டணத்துக்கு மாறவே வழியில்லை. கீழ்மட்டக் குடும்பங்களின் கூடையில் அப்படிப்பட்டவை அதிகம், அதனால் மாற்றிக்கொள்வதன் லாபம் அவர்களுக்குக் குறைவு. இதை நான் மறுக்கவில்லை.

போன் விஷயம் வேறு. கடையில் பழைய மாடல் மறைந்து புதியது வருகிறது. இரண்டும் ஒரே மாதத்தில் விற்பனையில் இருந்தால், அப்போதைய விலை வித்தியாசத்தைத் தர வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் நினைவகம், கேமரா போன்றவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். அந்தத் தர மதிப்பைக் கழித்த பிறகு மீதி இருப்பதுதான் விலை மாற்றம். உங்கள் பையிலிருந்து அதிகப் பணம் போனது உண்மை. மலிவான பழைய மாடலை வாங்க வழியில்லாமல் போனதும் உண்மை. அதே போன் அதே விலைக்கு வந்ததா என்றுதான் குறியீடு கேட்கிறது.

மாதக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நிறையப் புரிந்தது. என் நோட்டுக்கே வருவோமா? 4.5க்கும் 11க்கும் நடுவில் இருக்கும் இந்த 6.5ல் எது எதனால் வந்தது என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா?

விலைப்பதிவாளர்

காட்டுகிறேன் அம்மா. அறிவிப்பில் உள்ள எடைகளை எடுத்துக்காட்டுக்காக முழு எண்ணாக்கிக்கொள்கிறேன். உணவு 30, வாடகை 18, கல்வி 4, போக்குவரத்து 14, மின்னணு 8, மீதி 26. விலை மாற்றம் அதே வரிசையில் 6, 5, 12, 3, கழித்தல் 2, 4. ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.5 வருகிறது.

இப்போது அதே விலை மாற்றங்களை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் உங்களுடையதாக மாற்றுகிறேன். உங்கள் உணவு 32, வாடகை 25, கல்வி 15, போக்குவரத்து 10, மின்னணு 3, மீதி 15.

```
(32*6 + 25*5 + 15*12 + 10*3 + 3*(-2) + 15*4) / 100 = 5.81
```

எடையால் மட்டுமே 1.3 கூடிவிட்டது. பெரும்பங்கு கல்வியால். சராசரிக் கூடையில் 4 பிடிக்கும் இடத்தில் உங்களுக்கு 15 இருக்கிறது, ஏனென்றால் சராசரிக்குள் பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீடுகளும் சேர்ந்திருக்கின்றன.

அடுத்தது வாடகை. அறிவிப்பில் 5, உங்களுக்கு 10. குறியீடு வாடகை வீடுகள் எல்லாவற்றையும் பார்க்கிறது. அவற்றில் பாதி வீடுகளில் இந்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்து 10 ஏறி, பாதியில் ஒன்றும் ஏறாமல் இருந்தாலே சராசரி 5 ஆகிவிடும். போன ஆண்டு உங்கள் வாடகை ஏறியதா? ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த 5 புள்ளி வித்தியாசம் உங்கள் 25 எடையில் 1.25 ஆகிறது. இப்போது 7.1க்கு வந்துவிட்டோம். இதுதான் உங்கள் வீட்டின் உண்மையான பணவீக்கத்துக்கு நெருக்கமான எண்.

மிச்சம் 3.8. உணவும் போக்குவரத்தும் அறிவிப்பு வேகத்திலேயே ஏறியிருக்கின்றன. கல்வி மட்டும் 150லிருந்து 207, அதாவது 38 சதவீதம். ஒன்று கேட்கிறேன்: மகள் இந்த ஆண்டு வேறு கட்டத்துக்கு, கட்டணம் அதிகமான வகுப்புக்குப் போனாளா?

மாதக்கணக்கு

ஆமாம், ஆரம்ப வகுப்புகளை முடித்து நடுநிலைப் பிரிவுக்குப் போனாள்! அங்கே கட்டணமே வேறு. வாடகையும் நீங்கள் சொன்னது போலத்தான், போன ஆண்டு ஏறவில்லை.

விலைப்பதிவாளர்

அப்படியென்றால் பள்ளியில் ஒன்று கேட்டுப் பாருங்கள். மகள் இப்போது படிக்கும் இதே வகுப்புக்குப் போன ஆண்டு கட்டணம் எவ்வளவு? அதையும் இந்த ஆண்டுக் கட்டணத்தையும் ஒப்பிட வேண்டும். போன ஆண்டு அவள் படித்த வகுப்போடு ஒப்பிட்டால் அது விலை மாற்றம் ஆகாது, வாங்கிய பொருளே மாறிவிட்டது. வீட்டில் கணக்குப் போடுகிறவர்கள் மிகச் சாதாரணமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். செலவு வளர்ச்சியைப் பணவீக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

தும்பி

அண்ணா, ஆனால் பிள்ளை வளர்வதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லையே. அக்காவுக்கு அந்தச் செலவைத் தவிர்க்க வழியே கிடையாது. அதை விலை இல்லை என்று ஒதுக்கினால் சம்பள உயர்வு கேட்கப் போகும்போது எந்த எண்ணைச் சொல்வது?

விலைப்பதிவாளர்

சம்பளம் கேட்கும்போது 7.1ஐச் சொல்லலாம், அதற்கு விளக்கம் கொடுக்க முடியும். மிச்சத்தைக் குடும்பம் வளரும் செலவு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அது நியாயமான கோரிக்கையாகவே இருக்கலாம். ஆனால் அதை விலைவாசி என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரே கேள்வியில் தட்டிவிடுவார்.

மாதக்கணக்கு

பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். என் 1000 கணக்கில் சொன்னால், இந்த வகுப்புக்குப் போன ஆண்டு 185, இப்போது 207. பன்னிரண்டு சதவீதம்தான்! அறிவிப்பில் இருக்கும் அதே எண். பழைய பிரிவிலேயே இருந்திருந்தால் 168 கட்டியிருப்போம், மீதி 39 பிரிவு மாறியதால் வந்தது. நீங்கள் சொன்ன மிச்சம் சரியாகப் பொருந்துகிறது.

இன்னொன்று. அடுத்த ஆண்டு வாடகை ஏறாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மற்ற விலைகள் இதே வேகத்தில் போனால் எங்கள் எண் எவ்வளவு வரும்?

விலைப்பதிவாளர்

புதிய எடைகளை எடுக்க வேண்டும், பழையவை இல்லை. இப்போது மொத்தம் 1109, அதில் கல்வி 207, கிட்டத்தட்ட 19 சதவீதம். உணவு 339 ஆறு சதவீதம் ஏறினால் 20 கூடும், கல்வி பன்னிரண்டு ஏறினால் 25, போக்குவரத்து 3, மீதி 6, மின்னணு அரை குறையும். வாடகை சுழி. மொத்தம் 54 கூடுகிறது, 1109ல் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இந்த ஆண்டு 7.1 ஆக இருந்தது அறிவிப்பின் பக்கத்தில் வந்து நிற்கும், கல்விதான் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்திருக்கும்.

கார்முகில்

நானும் இதே முறையில் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தவணையை விட்டுவிட்டால் 4, சேர்த்தால் 9க்கு மேல். எதை எழுதி வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.